மாமன் மகளும் அம்மாவின் அட்டிகையும்

போன மாதம் எங்கள் அண்ணன் வீட்டுக் குலதெய்வக் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். பொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியம்மா என் மகனைக் கூப்பிட்டு, அண்ணன் மகளைக் காட்டி, "நல்லா பாத்துக்கடா, இவதான் உனக்கு வரப்போறவ" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு 16 வயது, அவளுக்கு 11. அந்தப் பிள்ளை பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றது. "பெரியம்மா, இனிமே பிள்ளைங்க முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவுக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அம்மா பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

அம்மா கல்யாணமாகி வந்தபோது நகையும் பாத்திரமும் வந்தன. நிலம் முழுக்கத் தாய்மாமாவுக்குப் போனது. அன்றைக்கு அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பாலேயே மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன்னாடியே கல்யாணமானவர்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. அப்படியென்றால் அம்மா தலைமுறைப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன இருந்தது? சீர் இருந்தது. காது குத்துக்கு மாமன் மடி, சடங்குக்கு மாமன் கட்டும் ஓலைக் குடிசை, கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர். இவற்றோடு எழுதப்படாத இன்னொரு பாத்தியதையும் இருந்தது. "உன் பொண்ணு என் பையனுக்குத்தான்" என்று அண்ணன் தம்பியிடம் கேட்கிற உரிமை.

அம்மா வந்தபோது கழுத்தில் ஒரு சிவப்புக்கல் அட்டிகை இருந்தது. அம்மாச்சி போட்டு அனுப்பியது. கொக்கி ஒரு முறை அறுந்துபோய், ஆசாரி வைத்த புதுக்கொக்கி மட்டும் நிறம் மாறித் தெரியும். 2008-இல் அண்ணனுக்கு மாமா மகளையே முடித்தபோது, அம்மா தன் கையால் அதை அண்ணி கழுத்தில் கட்டினார். "எங்க வீட்டுலருந்து வந்தது, எங்க வீட்டுப் பிள்ளைக்கே போகுது" என்று சொல்லும்போது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த வீட்டை விட்டு வந்த பெண் முப்பது வருஷம் கழித்து அந்த வீட்டு ரத்தத்தைத் தன் வீட்டுக்குள் கூட்டி வருகிறாள். வேற்று வீட்டில் வாழ்ந்து தேய்ந்தவளுக்குக் கடைசிக் காலத்தில் தன் ஆள் ஒருத்தி கிடைக்கிறாள். மாமன் மகளை எடுப்பதற்குச் சொத்து வெளியே போகக் கூடாது, தெரிந்த இடம், பொண்ணு கஷ்டப்படாது என்று எத்தனையோ காரணம் சொல்வார்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் அடியில் தெரிவது பங்கில்லாமல் அனுப்பப்பட்ட பெண்ணின் இந்த ஏக்கம்தான்.

அது பொய்யாகவும் போகவில்லை. அம்மா இடுப்பெலும்பு உடைந்து நான்கு மாதம் படுத்திருந்தபோது குளிப்பாட்டி, தலை பின்னி, பெட்பேன் எடுத்தது அண்ணிதான். மகள் நான் வாரத்துக்கு ஒரு நாள் போய் வந்தேன். "அத்தை" என்று குழந்தையிலிருந்து கூப்பிட்ட வாய் மாமியாரானதும் மாறிவிடவில்லை.

ஆனால் அண்ணனுக்கு 2010-இல் பிறந்த முதல் பையனுக்குக் காது கேட்காது.

எங்களுக்கு அது தெரியவே ஒன்றரை வருஷமானது. குக்கர் விசில் அடித்தால் திரும்ப மாட்டான். தட்டு கீழே விழுந்தாலும் தூங்குவான். நாங்கள் "அமைதியான பிள்ளை" என்று கொண்டாடினோம். பேச்சு வராதபோது "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். கதவு திறக்கும்போது காற்றோ வெளிச்சமோ பட்டுத் திரும்புவான். அதைக் கேட்டுத்தான் திரும்புகிறான் என்று நினைத்துக்கொண்டோம். கடைசியில் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற பெரா டெஸ்டில் இரண்டு காதுமே கேட்கவில்லை என்று வந்தது. மூன்று வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்கிற, காதுக்குள் பொருத்திக் கேட்க வைக்கும் கருவியை வைத்தார்கள். அதன் பிறகு வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அண்ணி தினமும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இன்று பேசுகிறான், படிக்கிறான். அவனைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவன் அம்மா பட்ட பாடுதான் கண்ணில் நிற்கிறது.

மரபணு ஆலோசனைக்கு அவர்களோடு நானும் போயிருந்தேன். டாக்டர் ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று நான்கு தலைமுறையை வரைந்தார். எல்லாத் தம்பதிகளையும் ஒரு கோட்டால் இணைத்தவர், அண்ணனையும் அண்ணியையும் மட்டும் இரண்டு கோடு போட்டு இணைத்தார். ரத்த சொந்தத்தில் கட்டியவர்களை அப்படித்தான் குறிப்பார்களாம். பையனின் சதுரத்தைக் கறுப்பாக நிரப்பினார்.

அவர் சொன்ன கணக்கை என் வார்த்தையில் சொல்கிறேன். எல்லோரிடமும் பழுதான ஜீன் ஒன்றிரண்டு இருக்கும். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் ஜோடியாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். எங்கள் அம்மாச்சியிடமோ தாத்தாவிடமோ அப்படி ஒன்று இருந்திருக்கிறது. அது அம்மாவுக்கு வர பாதி வாய்ப்பு, அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு வர பாதி. அந்தப் பக்கம் மாமாவுக்குப் பாதி, மாமாவிடமிருந்து அண்ணிக்குப் பாதி. இரண்டு பேரிடமும் அதே ஜீன் வந்து சேர 16-இல் 1 வாய்ப்பு. சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிப்பு வர 4-இல் 1. மொத்தத்தில் 64-இல் 1.

"எங்க தாத்தா காலத்துலருந்து கட்டுறோம், எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆகாது. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 100-க்கு 2, 3 வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகள் கட்டியவர்களுக்கு அது 4 முதல் 6 வரை போகும். பயமுறுத்த இதை எழுதவில்லை, கட்டினாலே ஊனமாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். ஆனால் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். "முதல் பிள்ளைக்குப் போயிருச்சு, அடுத்தது சரியாயிரும்" என்று அண்ணிக்கு ஆறுதல் சொன்னார்கள். தோஷம் மாதிரி அது கழிவதில்லை. இரண்டாவதுக்கும் அதே 4-இல் 1. 2014-இல் அண்ணன் மகள் நல்ல காதோடு பிறந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட இரண்டு சமாதானங்களை இங்கே சொல்லியாக வேண்டும். இன்னும் எத்தனையோ வீடுகளில் இவற்றை நம்பித்தான் தட்டு மாற்றுகிறார்கள்.

ஒன்று, ரத்த குரூப். அண்ணன் ஓ பாசிட்டிவ், அண்ணி பி பாசிட்டிவ். "குரூப் வேற, பயமில்லை" என்று முடிவு செய்தார்கள். ரத்த வகைக்கும் இந்த ஜீன்களுக்கும் சம்பந்தமே கிடையாது. கூடப் பிறந்த அண்ணன் தங்கைக்கே குரூப் வேறாக இருக்கும்.

இன்னொன்று, "அம்மா வழின்னா பரவாயில்லை, மாமா வேற வகையறா, வேற குலதெய்வம்" என்பது. நம் முறையில் சித்தப்பா மகள் தங்கை, மாமா மகள் முறைப்பெண். சித்தப்பா மகளைப் பற்றி அப்படி நினைப்பதே பாவம் என்போம். ஆனால் ஜீன் கணக்கில் இரண்டு பேரும் ஒன்று. என் அண்ணனோடு சித்தப்பா மகளுக்கு எட்டில் ஒரு பங்கு பொது என்றால், மாமா மகளுக்கும் அதே எட்டில் ஒரு பங்குதான். முறை என்பது வீடுகளுக்கு நடுவே நாம் போட்டுக்கொண்ட ஒழுங்கு. உடம்புக்குள் அந்த ஒழுங்கு போய்ச் சேரவில்லை. அக்கா மகளைக் கட்டுவதில் பொதுப்பங்கு இதைப் போல இரண்டு மடங்கு, நாலில் ஒன்று. அதையும் "சொந்தம் விட்டுப்போகாது" என்றுதான் செய்கிறோம்.

சட்டம் இதைத் தடுக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 1955 இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுக்குள் திருமணம் கூடாது என்கிறது, ஆனால் வழக்கம் இருந்தால் செல்லும் என்கிறது. அதனால் நம் பக்கம் செல்லுபடியாகிறது. 2019-21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100-க்கு சுமார் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள், நாடு முழுவதும் சுமார் 11. வழக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இப்போது பெரியம்மா சொன்ன ஜோடிக்கு வருகிறேன். அண்ணன் மகளுக்குக் காது நன்றாகக் கேட்டாலும், அந்த ஜீனை அவள் சுமக்க 3-இல் 2 வாய்ப்பு. அது அம்மா வழியாக அண்ணனுக்கு வந்தது என்றால், எனக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு, என் மகனுக்குக் கால். இருவரிடமும் இருக்க 6-இல் 1. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது போக 24-இல் 1. அண்ணன் கல்யாணத்தின்போது 64-இல் ஒன்றாக, யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தே 24-இல் ஒன்றுக்குள் இரண்டு பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறார்கள்.

இது இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டும் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். முன்பெல்லாம் மாமன் மகளைத் திருவிழாவுக்குத்தான் பார்ப்பார்கள், ஐந்தாறு முறைப்பெண்களில் ஒருத்தி என்று தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. இன்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ. இருக்கிற ஒருத்தியை வேண்டாம் என்று சொன்னால் அண்ணன் தங்கை உறவே அறுந்துவிடும் என்றால், அந்தப் பிள்ளை எந்த வாயால் மறுக்கும்?

அப்பா இறந்த பிறகு பத்திரப்பதிவு அலுவலகத்தில் என்னிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "நிலத்த விட்டுக்கொடு, நாளைக்கு அவன் பொண்ண நீ எடுத்துக்கலாம்" என்று ஒரு மாமா பக்குவமாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போடவில்லை. என் பங்கு என் பெயரில் இருக்கிறது. அண்ணன் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார். அம்மாவுக்குத்தான் இன்றும் அது புரியவில்லை. பங்கு வாங்கினேன், ஆனால் பெண் எடுக்க மாட்டேன் என்கிறேன், அப்படியென்றால் பிறந்த வீட்டோடு எனக்கு என்னதான் பிடிப்பு என்று கேட்கிறார். நான் வாரா வாரம் போவது அவருக்குப் பிடிப்பாகத் தெரியவில்லை.

சொந்தத்தில் ஏற்கெனவே விரும்பிவிட்டவர்களும் நிச்சயமானவர்களும் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்னாடி, முடிந்தால் கல்யாணத்துக்கே முன்னாடி, மரபணு ஆலோசனை தருகிற மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று தலைமுறையில் சின்ன வயதில் இறந்த குழந்தை, காது கேட்காதவர், பார்வை மங்கியவர், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் யாராவது உண்டா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் முதலில் மறைப்பார்கள். எங்கள் மாமா வழியில் ஒரு சின்னத் தாத்தாவை "ஊமைத் தாத்தா" என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தாளில் டாக்டர் அவருக்கும் ஒரு சதுரம் போட்டுக் கறுப்பாக்கும் வரை, அவருக்குக் காது கேட்டிருக்காது என்று நாங்கள் யாருமே யோசித்ததில்லை. எல்லா ஜீனுக்கும் டெஸ்ட் கிடையாது. ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் ஆபத்து குறைந்தது என்றுதான் அர்த்தம், இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே காது டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் இழந்த ஒன்றரை வருஷம் பெரிது.

நேற்று அண்ணி போன் செய்தார். கோவிலில் நான் பேசியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்க சொன்னது நல்லது அண்ணி. நான் சொல்ல முடியாது, அத்தை மனசு உடைஞ்சிரும்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, அட்டிகையின் கொக்கி மறுபடி தளர்ந்திருக்கிறது, ஆசாரியிடம் கொடுக்க வேண்டும், மகள் எந்த வீட்டுக்குப் போனாலும் அதைப் போட்டுத்தான் அனுப்புவேன் என்றார்.