கால்குலேட்டர் Math Error காட்டினாலே அது முழு அக எதிரொளிப்பு ஆகிவிடாது

"காற்றிலிருந்து கண்ணாடிக்குள் 50°-ல் போனால் Math Error வருது, அப்போ முழு அக எதிரொளிப்புதானே?"

இல்லை தம்பி. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும் ஒளிக்கு அது நடக்கவே நடக்காது. நீங்கள் கோணங்களை இடம் மாற்றிவிட்டீர்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. அதை 1.5 × sin 50° என்று பெருக்கினால் 1.149 வரும், சைன் 1-ஐத் தாண்டாது, அதனால்தான் அந்த Error. வகுத்துப் பாருங்கள்: 0.766 ÷ 1.5 = 0.511, கோணம் 30.7°. கண்ணாடிக்குள் கோணம் சிறியதாகத்தான் இருக்கும்.

sin i ÷ sin r = 1.5 என்ற சூத்திரத்தில் படுகோணம் "i எப்போதும் மேலே" என்று இங்கே ஓர் அக்கா சொன்னது பாதி சரி. கண்ணாடியிலிருந்து வெளியே வரும்போது அது காலை வாரிவிடும். காற்றுக் கோணம் மேலே என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சரியாக வரும்.

சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கும் என் மகளும் 30°-க்கு இதே தவற்றைச் செய்தாள். 19.5°-க்குப் பதில் 48.6° வந்தது. Error எதுவும் காட்டாததால் சரி என்றே நினைத்துவிட்டாள். அதுதான் ஆபத்து.

ஆமாம், உங்கள் 50° செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்ததா, கண்ணாடி விளிம்பிலிருந்தா? விளிம்பிலிருந்து என்றால் 40° போட வேண்டும், விடை 25.4°. படத்தைப் போடுங்கள்.