மரண மாஸும் மண்டையோடும்: இளையவர்களின் சொற்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கின்றன

"இந்தக் காலத்துப் பசங்க பேசறது ஒண்ணுமே புரியல" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், எந்தச் சொல் புரியவில்லை என்று நான் கேட்பது வழக்கம். பசி, தூக்கம், வீடு, வேலை என்பதற்கெல்லாம் இளையவர்களும் பெரும்பாலும் நம்முடைய சொற்களையேதான் சொல்கிறார்கள். ஓயாமல் மாறுவது மொழியின் ஒரு மூலைதான். நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது, அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்ல உதவும் சொற்கள் குவிந்திருக்கும் மூலை அது.

அந்த மூலையில் மாற்றம் இன்று தொடங்கியதல்ல. 'உறு, தவ, நனி' மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அதையே 'சால, உறு, தவ, நனி, கூர், கழி' என்று ஆறாக்குகிறது. இன்றைய பேச்சில் இந்த ஆறில் ஒன்றைக்கூட யாரும் 'மிக' என்ற பொருளில் சொல்வதில்லை. (தெலுங்குக்காரர்கள் 'சாலா' என்று இன்றும் சொல்கிறார்கள்.) நாம் சொல்வது 'ரொம்ப'. அது 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம். ஆனால் 'ரொம்ப காலி' என்று சொல்லும்போது எதுவும் நிரம்புவதாக நமக்குத் தோன்றுவதில்லை. சொல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்தத் தேய்மானம் எப்படி நடக்கிறது? 'பயங்கரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சம் தருவது என்பதுதான் பொருள். யாரோ முதன்முதலாக 'பயங்கர அழகு' என்று சொன்னபோது கேட்டவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி இருந்திருக்கும், ஏனென்றால் அச்சமும் அழகும் ஒட்டாது. அந்த அதிர்ச்சிதான் சொல்லின் பலம். நூறு முறை கேட்டபின் அதிர்ச்சி போய்விடுகிறது, 'பயங்கர' வெறும் 'ரொம்ப' ஆகிவிடுகிறது. ஆனால் அடுத்த முறை ஒன்றைப் பார்த்து வியக்கும் ஆளுக்கு உணர்ச்சி தேயவில்லையே. அவருக்குப் புதிய சொல் தேவைப்படுகிறது. செம வருகிறது, தாறுமாறு வருகிறது, வேற லெவல் வருகிறது, கடைசியில் மரண மாஸ் என்று மரணத்தையே இழுக்க வேண்டியிருக்கிறது.

எந்த மொழியிலும் இதே கதைதான். ஆங்கிலத்தின் 'வெரி' ஒரு காலத்தில் 'உண்மையான' என்று பொருள்பட்டது. அது தேய்ந்தபின் அதே பொருளுள்ள 'ரியலி' அந்த இடத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து ரிக்கா ஈட்டோவும் சாலி டாக்லியமாண்டேவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் முதியவர்கள் 'வெரி'யை அதிகம் சொன்னார்கள், இளையவர்கள் 'ரியலி'யை. ஒரே ஊர், ஒரே காலம். ஆனால் ஒருவர் எந்தச் சொல்லால் வியக்கிறார் என்பதிலேயே அவருடைய வயது தெரிந்துவிடுகிறது.

சிரிப்புக்கு நேர்ந்ததும் இதுதான். 'எல்ஓஎல்' என்றால் முதலில் சத்தமாகச் சிரிக்கிறேன் என்று பொருள். நாளடைவில் அது சிரிப்பே இல்லாமல், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், கோபமில்லை' என்று காட்டும் தலையாட்டலாகிவிட்டது. அப்புறம் கண்ணீர் வரச் சிரிக்கும் முக இமோஜி வந்தது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்த முகத்தையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. பெரியவர்கள் எல்லோரும் அதைப் போடத் தொடங்கியபின் இளையவர்கள் அழும் முகத்துக்கும் மண்டையோட்டுக்கும் நகர்ந்தார்கள். மண்டையோடு என்றால் சிரித்துச் சிரித்தே செத்தேன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா போட்ட ஒரு நகைச்சுவைக்கு அக்கா மகன் மூன்று மண்டையோடு போட்டான். பெரியப்பா எனக்கு போன் செய்து, "ஏம்ப்பா, நான் என்ன தப்பா சொன்னேன்? மண்டையோடு வைக்கிறான்?" என்று கேட்டார். குரலில் உண்மையான வருத்தம். அவன் தரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அவருக்கு அமங்கலமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எழுத்தறியாதவரும் அல்ல, பிடிவாதக்காரரும் அல்ல. அவருக்கு அந்தக் குறியின் முதல் பொருள் மட்டும் தெரியும். அது தேய்ந்த வழி தெரியாது.

பெரியவர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அக்கா மகன் அந்த மண்டையோட்டை எந்த அகராதியிலும் படித்துக் கற்கவில்லை. நண்பர்கள் எந்த நேரத்தில், யாருக்கு, எதற்குப் பின் போடுகிறார்கள் என்று பலமுறை பார்த்து, தானும் போட்டுப் பார்த்து, சரியாக விழுந்ததா என்று கவனித்துக் கற்றிருக்கிறான். பெரியப்பாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை, சூழல் எதுவுமில்லாமல். அதோடு வயதும் சேர்கிறது. குழந்தை வீட்டாரிடம் மொழி கற்கிறது, பதின்வயதில் அதைக் கூட்டாளிகளின் பேச்சுக்கேற்பத் திருத்திக்கொள்கிறது, பதின்வயது முடியும்போது அந்தத் திருத்தம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் விளக்குகிறார். அதற்குப் பின்னும் புதிய சொற்களைக் கற்கலாம்தான், ஆனால் அவை முன்புபோல் தானாக வந்து ஒட்டுவதில்லை.

தேய்மானம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இளையவர்களின் சொல் 'நான் இந்தக் கூட்டத்து ஆள்' என்று காட்டும் அடையாளமும்கூட. ஆசிரியர் சொல்லத் தொடங்கி, விளம்பரத்திலும் வந்துவிட்டால் அந்த அடையாளத்துக்கு மதிப்பில்லை. முன்பு ஒரு சொல் கூட்டத்தை விட்டு வெளியே கசிய ஆண்டுகள் ஆகும். இன்று குறுங்காணொளியில் பிறந்த சொல்லுக்குச் சில வாரங்களில் செய்தித்தளம் விளக்கம் எழுதிவிடுகிறது. அதனால் கைவிடுவதும் சீக்கிரம் நடக்கிறது. 2025இல் டிக்‌ஷனரி.காம் ஆண்டின் சொல்லாக '67' என்பதைத் தேர்ந்தெடுத்தது. 'சிக்ஸ் செவன்' என்று சிறுவர்கள் கத்துவார்கள், திட்டமான பொருள் எதுவும் கிடையாது. பொருள் தேடி அலைந்த பெரியவர்களைப் பார்த்துத்தான் அவர்களுக்குக் கூடுதல் சிரிப்பு.

மொழியே அழிகிறது என்ற புலம்பலை நான் ஏற்கவில்லை. டாக்லியமாண்டேவும் டெரெக் டெனிஸும் டொராண்டோ பதின்வயதினரின் இணைய அரட்டையைப் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் திரட்டி 2008இல் ஆய்வு வெளியிட்டார்கள். 'எல்ஓஎல்' போன்ற அரட்டைச் சுருக்கங்கள் எல்லாம் சேர்ந்து 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மீதி எல்லாம் சாதாரண மொழி.

புரியாத சொல் காதில் விழுந்தால் நான் ஒன்று செய்து பார்ப்பேன். அதன் இடத்தில் 'ரொம்ப' அல்லது 'நல்லா இருக்கு' என்று வைப்பேன். வாக்கியம் நின்றால் அது தேய்மானக் கணக்கு, கவலை இல்லை. நிற்காவிட்டால், 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்காமல் 'இதை எப்போ சொல்வீங்க, யார்கிட்ட சொல்ல மாட்டீங்க' என்று கேட்பேன். அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்கும் பிள்ளைகள், இந்தக் கேள்விக்கு மட்டும் உட்கார்ந்து உதாரணத்தோடு பதில் சொல்கிறார்கள். பெரியப்பாவுக்கும் அதையே அவனிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். இறப்புச் செய்திக்கு மட்டும் அதைப் போட்டுவிடக் கூடாது என்று அவன் சொன்னானாம்.