ரிவ்யூ கேட்பது பிச்சையா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், மீதிப் பேருக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். ஆமாம், அது நான் அனுப்பிய மெசேஜ்தான். "அக்கா, சேலை வந்துச்சா? ஒரு தடவை தண்ணில போட்டுப் பாத்தீங்களா? நல்லதோ குறையோ, கூகுள்ல ரெண்டு வரி எழுதினா உதவியா இருக்கும்." இவ்வளவுதான் எழுதியிருந்தேன். இதன் மேல் "ரிவ்யூ பிச்சை" என்று எழுதிச் சுற்றில் விட்டிருக்கிறார்கள்.

பிச்சை இல்லைங்க. பொருள் கைக்குப் போன பிறகு எப்படி இருக்கிறது என்று விற்றவள் விசாரிக்கிறாள். அதில் என்ன கேவலம்?

நான் விற்பது சுங்குடி. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள், முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பார்சலைப் பிரிக்கும்போது எல்லாச் சுங்குடியும் அழகுதான். முதல் தண்ணீரில்தான் அதன் குணம் தெரியும். அதனால்தான் கூரியர்காரர் கொடுத்த அன்றே நான் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டால் "பேக்கிங் சூப்பர்" என்று வரும், அதை வைத்து நான் என்ன செய்ய? நாலைந்து நாள் விட்டு, ஒரு தடவை கட்டி அலசியிருப்பார்கள் என்று தோன்றும்போது கேட்பேன். இரண்டு மாதம் விட்டாலும் பயனில்லை. அப்போது "நல்லா இருந்துச்சு" என்ற ஒற்றை வார்த்தைதான் வரும். எந்தச் சேலை, எந்த நிறம் என்பதே மறந்து போயிருக்கும்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். இதே மாதிரி கேட்டதற்கு ஒரு அக்கா பதில் போட்டார். மெரூன் சேலை, பச்சைத் தண்ணீரில் தனியாகத்தான் நனைத்திருக்கிறார், வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஸாகிவிட்டது. போட்டோவும் அனுப்பினார். அதே லாட்டில் மிச்சமிருந்த சேலைகளை எடுத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டை நனைத்து மடிப்பின் மேல் அழுத்தித் தேய்த்தேன். துண்டு சிவந்துவிட்டது. மற்ற லாட்டில் அப்படி ஒட்டவே இல்லை. சாயம் போடுபவரிடம் கேட்டால், மழையில் வேலை தேங்கிவிட்டதென்று அலசுவதைச் சுருக்கமாக முடித்துவிட்டார்களாம். சாயம் ஏற்றியபின் சூடான சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, நூலோடு சேராமல் மேலாக நிற்கும் சாயத்தை எடுத்துவிட வேண்டும். அந்தச் சாயம் மேலே தங்கியிருக்கும் வரை ஒவ்வொரு துவைப்பிலும் வடியும், அப்புறம் வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் சரியாகாது. அந்த லாட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன், அக்காவுக்குப் பணத்தைக் கொடுத்தேன். அவர் தீபாவளிக்கு அப்புறம் சொல்லியிருந்தால் அத்தனை சேலையும் யார் யார் வீட்டிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

"பொருள் நன்றாக இருந்தால் தானாக எழுதுவார்கள்" என்கிறார் ஒருவர். எழுத மாட்டார்கள் சார். கோபம் வந்தவர் அன்றே எழுதுவார். பிடித்தவர் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விடுவார்.

"கம்பெனிக்காரன் தொல்லை போதாதா, நீ வேறயா?" என்கிறார்கள். இது நியாயம்தான். டப்பாவைத் திறக்கும் முன்னாலேயே ஐந்து ஸ்டார் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல் வரும். நான் ஒருமுறைதான் கேட்கிறேன். பதில் வராவிட்டால் விட்டுவிடுகிறேன்.

ஐந்து ஸ்டார் போட்டால் தள்ளுபடி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கூகுளே அதை அனுமதிப்பதில்லை. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் கூடாது. அதனால்தான் மெசேஜில் "குறையோ" என்ற சொல் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்கள், படிக்கவில்லையா? போலி ரிவ்யூக்கள் பெருகியதால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022இல் ஐஎஸ் 19000 என்று ஆன்லைன் ரிவ்யூவுக்கே ஒரு தரநிலை கொண்டு வந்தது. காசு கொடுத்து எழுத வைப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், வாங்கினவரிடம் நேராகக் கேட்ட நான் பிச்சைக்காரி.

சரி, ஒன்று கேட்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு "என் பார்சல் எங்கே?" என்று வரும் மெசேஜுக்கு எழுந்து உட்கார்ந்து டிராக்கிங் நம்பர் பார்த்துச் சொல்கிறேன். "ஒரு நூறு குறைச்சுக்கோம்மா" என்று ஒருவரே மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறேன். அதையெல்லாம் நான் ஒருநாளும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கேயும் போட்டதில்லை. வீட்டிலிருந்து விற்கிற பொம்பளை என்றால் வாங்குகிறவர் எப்போது வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம், நாங்கள் ஒரு வரி திருப்பிக் கேட்டால் மட்டும் மரியாதை கெட்டுவிடுமா? கடை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பளை "துணி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால் அக்கறையான வியாபாரி என்பீர்கள்.

இந்த வாரம் பார்சல் வாங்கினவர்களுக்கும் அந்த மெசேஜ் வரும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். சாயம் போனால் மட்டும் தயவுசெய்து அன்றைக்கே சொல்லுங்கள், போட்டோவோடு.