ரோகிணிக்கு ரோகிணின்னா உடனே போனை வெச்சிடுவீங்களா?

"ரெண்டு பேருக்கும் ரோகிணியா? ஒரே நட்சத்திரமாச்சே, வேண்டாங்க." முடிந்தது. பையன் என்ன படித்திருக்கிறான், பெண் என்ன வேலை பார்க்கிறாள், எதுவும் கிடையாது. பாதம் என்ன என்று ஒரு வார்த்தை? அதுவும் கிடையாது. பெண் வீட்டுக்காரர் "அதுக்கில்லைங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் லைன் கட். அவர் திரும்ப அடித்தால் பிஸி. சாயங்காலம் தரகர் மூலமாகத் தீர்ப்பு வருகிறது: "அவங்க ஜோசியர் பத்துக்கு அஞ்சுன்னுட்டாராம், ரஜ்ஜு வேற தட்டுதாம்."

தட்டாமல் என்ன செய்யும்? ஒரே நட்சத்திரம் என்றால் ஒரே ரஜ்ஜுதானே! இதைக் கண்டுபிடிக்க ஜோசியர் எதற்கு, தட்சணை எதற்கு, தேங்காய் பழம் எதற்கு? 27 நட்சத்திரத்தில் எதை எடுத்து அதோடேயே பொருத்திப் பார்த்தாலும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்றுதான் வரும். ரோகிணி கழுத்து ரஜ்ஜு. கழுத்து தட்டினால் மனைவிக்கு ஆகாது என்பார்கள். சரி, அதே பஞ்சாங்கத்தில் ஏக நட்சத்திரம் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? அதில் உத்தமம் என்று முதலில் நிற்பதே ரோகிணி! கூடவே திருவாதிரை, மகம், அஸ்தம், விசாகம், திருவோணம், உத்திரட்டாதி, ரேவதி. இந்த எட்டில் ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், திருவோணம் நான்கும் கழுத்து ரஜ்ஜு. அப்போ அந்தப் பட்டியலைப் போட்ட பெரியவர்களுக்கு ரஜ்ஜு தெரியாதா? நன்றாகவே தெரியும். ஏக நட்சத்திரத்துக்குத் தனிக் கணக்கு, அங்கே ரஜ்ஜுவைக் கொண்டு வராதே என்பதுதான் அந்தப் பட்டியலுக்கே அர்த்தம். நாடியும் அப்படித்தான். விதிவிலக்கை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொள்வது என்ன சாஸ்திரம்?

அந்த "பத்துக்கு அஞ்சு" எப்படி வந்தது என்றாவது பார்ப்போமா? கணம் ஒன்று, யோனி ஒன்று, ராசி ஒன்று, ராசி அதிபதி ஒன்று, வேதை இல்லை. இந்த ஐந்தும் தானாகவே பாஸ். பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் பையனுடையது முதலாவது. மகேந்திரத்துக்கு நாலு, ஏழு, பத்து என்று வரவேண்டும். ஸ்திரீ தீர்க்கத்துக்கு இன்னும் தள்ளி வரவேண்டும். பக்கத்து நாற்காலியில்கூட இல்லை, அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் போய் தூரம் கேட்டால்? ரெண்டும் அவுட். வசியப் பட்டியலில் எந்த ராசிக்கும் அதே ராசி கிடையாது, அதுவும் அவுட். ரஜ்ஜு சொன்னேன். மிச்சம் தினம். அதைத்தான் அந்த உத்தமம், மத்திமம் பட்டியலைப் பார்த்துப் போடவேண்டும். ரோகிணிக்குப் போட்டால் ஆறு. சாப்ட்வேர் போடாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். சிவப்பு எழுத்தில் ஐந்து என்று துப்பும், அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்வார்கள்.

ஏக நட்சத்திரம் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. பரணி, ஆயில்யம், சுவாதி, கேட்டை, மூலம், அவிட்டம், சதயம், பூரட்டாதி, இந்த எட்டையும் அந்தப் பட்டியலே வேண்டாம் என்கிறது. அதை நம்புகிறவர் அந்த எட்டுக்கு வேண்டாம் என்று சொல்லட்டும், நியாயம். மீதிப் பதினொன்று மத்திமம், பாதம் பார்த்துச் சேர்க்கலாம். ஆனால் உத்தமத்தையும் அதமத்தையும் ஒரே கூடையில் போட்டு ஆற்றில் விடுகிறீர்களே!

பாதத்துக்கு வருவோம். இதையாவது கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே பாதமாக இருக்கக்கூடாது. பையனுடைய பாதம் முன்னால், பெண்ணுடையது பின்னால். ரோகிணி நாலு பாதமும் ரிஷபத்திலேயே இருப்பதால் அதோடு முடிந்தது. ராசி உடையும் நட்சத்திரங்களில்தான் கூடுதலாகப் பார்க்கவேண்டும். விசாகத்தை எடுங்கள். முதல் மூன்று பாதம் துலாம், நாலாம் பாதம் விருச்சிகம். பையன் துலாம், பெண் விருச்சிகம் என்றால் சரி. பெண் ராசிக்குப் பையன் ராசி பன்னிரண்டாவதாக வரும், ஒத்துக்கொள்வார்கள். திருப்பிப் போட்டால் பையன் ராசி இரண்டாவதாக வந்துவிடும், அது ஆகாது. கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம் என்று ராசி உடையும் மற்ற நட்சத்திரங்களுக்கும் இதே கணக்குதான். இதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

சரி, பாதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள், அவர்கள் இன்னொரு ரகம். பையன் ஒன்று, பெண் ரெண்டு, முன்பின் சரி, தட்டை மாற்றிக்கலாம் என்பார்கள். பெண் ஜாதகம் வாக்கியத்தில் கணித்தது, பையன் ஜாதகம் திருக்கணிதத்தில் கணித்தது என்பதை யார் பார்ப்பது? ஒரு பாதத்தைச் சந்திரன் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் சில நாட்களில் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். பாதத்தின் ஓரத்தில் பிறந்திருந்தால் ஒன்றில் முதல் பாதம், மற்றதில் இரண்டாம் பாதம். ரெண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் திரும்பப் போடாமல் முன்பின் பேசுவதே வெட்டி.

இதைவிடக் கொடுமை, தசையை யாருமே பார்ப்பதில்லை. ரோகிணிக்குச் சந்திர தசை 10 வருஷம், பாதத்துக்கு இரண்டரை. பையன் முதல் பாதத்தின் நடுவில் பிறந்தால் இருப்பு 8 வருஷம் 9 மாதம். அதோடு செவ்வாய் 7, ராகு 18. அவனுக்கு 33 வயது 9 மாதத்தில் ராகு முடியும். பெண் இரண்டாம் பாதத்தின் நடு, இருப்பு 6 வருஷம் 3 மாதம். அவளுக்கு 31 வயது 3 மாதத்தில் ராகு முடியும். அவள் அவனைவிட இரண்டரை வயது சின்னவள் என்று வையுங்கள், நம் ஊரில் சாதாரண வித்தியாசம்தானே? ரெண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ராகு முடிந்து குரு ஆரம்பிக்கிறது. அச்சு அசல் தசா சந்தி! பாத விதி நூற்றுக்கு நூறு சரியாக இருந்ததால் வந்த சந்தி இது. அதே பெண் நாலாம் பாதத்தின் நடுவில் பிறந்திருந்தால் அவளுக்கு 26 வயது 3 மாதத்திலேயே ராகு முடிந்திருக்கும், நடுவில் ஐந்து வருஷ இடைவெளி கிடைத்திருக்கும். ஏக நட்சத்திரத்தில் உண்மையாகப் பயப்படவேண்டிய இடம் இதுதான் என்று தலைதலையாக அடித்துக்கொண்டாலும், "ரஜ்ஜு தட்டுதுங்களே" என்பார்கள்.

போகட்டும், அந்த ரோகிணிப் பையன் வீட்டார் கடைசியில் தரகர் நச்சரிப்பு தாங்காமல் பாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஜாதகத்தை அனுப்பினார்கள். போனில் போட்டோ எடுத்து. கோணலாக. பாதம் எழுதியிருக்கும் இடத்தில் அப்பாவின் கட்டைவிரல்.

ஏன் சார், தாளை மேஜையில் வைத்து எடுத்தால் என்ன? ராசிக் கட்டம் பாதி, நவாம்சம் இல்லவே இல்லை, பின்னால் டிவி ரிமோட், ஒரு டம்ளர் காபி. அதற்குக் கீழே, "கிடைத்தால் ஓகே என்று சொல்லவும்" என்று ஒரு கும்பிடு பொம்மை. மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே நம்பரிலிருந்து ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங். இதை யார் சார் ஆரம்பித்து வைத்தது?