நாள் முழுக்க நினைப்பு வந்தால் அது காதலா?

ஒருவர் நினைப்பாகவே இருப்பதை வைத்து அவரைப் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். நினைப்பு வர வேறு காரணமும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. சில ஆண்களின் முகநூல் பக்கங்களைக் காட்டி, 'இவர்களுக்கு உன்னை ரொம்பப் பிடித்திருக்கிறது' என்று சிலரிடமும், 'சுமாராகப் பிடித்திருக்கிறது' என்று சிலரிடமும் சொன்னார்கள். மற்றவர்களிடம், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆண்கள் மீது அதிக ஈர்ப்பு வந்ததும், அவர்களை அதிகம் நினைத்ததும் இந்தக் கடைசிக் கூட்டம்தான். இத்தனைக்கும் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். திருவொற்றியூர்ப் பையன் ஒருவன் தினமும் காலையில் "சாப்டியா?" என்று கேட்பான், அவள் போட்ட புதுச் சுடிதாரைக் கவனித்துச் சொல்வான். துறைமுகத்தில் அவனுக்கு நைட் ஷிப்ட் வந்தது. மெசேஜ் ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை. இவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது லவ்தான்கா" என்றாள்.

"சரி, அவன் உன்கிட்ட சொன்னது, உனக்குச் செஞ்சது எல்லாத்தையும் விட்டுட்டு அவனைப் பத்திச் சொல்லு" என்றேன். துறைமுக வேலை, ஒரு அக்கா, கேரம் ஆடுவான். அதோடு நின்றுவிட்டது. மெசேஜ் வராத இரவுகளில் 'அவன் தூங்கினானா' என்று தோன்றியதா, 'என்னை மறந்துட்டானா' என்று தோன்றியதா என்று கேட்டேன். இரண்டாவதுதான் என்றாள்.

அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நம்மை ஒருவருக்குப் பிடித்திருப்பதாலேயே நமக்கு அவரைப் பிடிக்க ஆரம்பிப்பது ரொம்ப சகஜம். எத்தனையோ நல்ல உறவுகள் அப்படித் தொடங்கியவைதான். வீட்டில் யாரும் 'சாப்டியா' என்று கேட்காத பெண்ணுக்கு அந்தக் கேள்வி இனிப்பதில் என்ன தப்பு? ஆனால் அந்த இனிப்பைத் தாண்டி அவன் மேல் ஆர்வம் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால், கொஞ்ச நாள் பேச்சை அவன் பக்கம் திருப்பச் சொன்னேன். அவன் வேலை, அவன் கோபம், அவன் பயம் எல்லாவற்றையும் கேட்கச் சொன்னேன்.

அவன் ஆசையாகக் கேரம் போட்டிகளைப் பற்றிச் சொன்னானாம். தெருமுனை கிளப்பில் யாரிடம் கற்றுக்கொண்டான், எந்த ஆட்டத்தில் சிவப்புக் காயை விட்டான் என்றெல்லாம் விரிவாகச் சொன்னானாம். "எப்படா முடிப்பான், என்னைப் பத்தி எப்பக் கேப்பான்னு காத்துட்டு இருந்தேன்கா" என்று அழுதாள். கேரம் பிடிக்காதது பிரச்சினையே இல்லை. அவன் முகம் மலர்வதைப் பார்த்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

இதற்கு அப்புறம்தான் பலர் தவறுகிறார்கள். நேரில் சொல்லச் சங்கடப்பட்டு, பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், தனிமையாக இருக்கும் இரவில் மட்டும் பேசுவார்கள். அந்த மாணவிகளை அலைக்கழித்த அதே நிச்சயமின்மையை இப்போது அவன் தலையில் கட்டுகிறோம். அவனும் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் முழுசாகச் சொல்லிவிடச் சொன்னேன். "உங்க அக்கறை எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா உங்க மேல எனக்கு அந்த எண்ணம் வரலை. இனிமே காலையில மெசேஜ் பண்ண வேணாம்" என்று அவளே போன் செய்து சொன்னாள்.