க்ரஞ்சஸ் தொப்பைக் கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைக்குமா?

தொப்பையைக் குறைக்க வேண்டுமென்று ஜிம்மில் சேரும் பெரும்பாலோருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் க்ரஞ்சஸைத் தினமும் இத்தனை போடுங்கள் என்பதுதான். எந்த இடத்துத் தசையை வேலை வாங்குகிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. ஸ்பாட் ரிடக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். இது அப்பட்டமான பொய் என்று ஒரு தரப்பும், புதிய ஆய்வு இதை நிரூபித்துவிட்டது என்று இன்னொரு தரப்பும் சமீப காலமாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. சோதனைகளைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு தரப்புமே அவசரப்படுகின்றன என்று தெரிகிறது. ஆனாலும், தொப்பையைக் குறைக்க க்ரஞ்சஸை நம்பியிருப்பவருக்குச் சொல்ல வேண்டிய பதில் தெளிவாகவே இருக்கிறது.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்களில் கொழுப்பு டிரைகிளிசரைடாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. தசை அதை அப்படியே எடுத்து எரிக்க முடியாது. அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் தூண்டுதலால் அது கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் உடைய வேண்டும். அந்தக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து, இதயத்துக்குச் சென்று, அங்கிருந்து உடல் முழுவதும் சுற்றி வரும்போதுதான் வேலை செய்யும் தசைகள் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. க்ரஞ்ச் செய்யும்போது சுருங்கும் வயிற்றுத் தசைக்கும் அதன் மேல் படிந்திருக்கும் கொழுப்புக்கும் இடையே நேரடியான குழாய் எதுவும் இல்லை. ஆகவே வயிற்றுத் தசை எரிக்கும் கொழுப்பு தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ வந்ததாக இருக்கலாம்; அது எரிப்பதில் பெருமளவு கொழுப்பாகவே இல்லாமல், அந்தத் தசைக்குள்ளேயே இருந்த சர்க்கரையாகவும் இருக்கலாம்.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நான் நிறுத்த விரும்பவில்லை, ஏனென்றால் இதில் ஒரு நியாயமான மறுப்புக்கு இடம் இருக்கிறது. சுருங்கும் தசை சூடாகிறது, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடுகிறது. அப்படியானால் பக்கத்திலிருக்கும் கொழுப்புத் திசுவிலும் ரத்த ஓட்டம் கூடி, அங்கே கொழுப்பு சற்று அதிகமாக உடையலாமே? டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டால்க்னெக்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2007-இல் இதைத்தான் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் ஒரு காலை மட்டும் மடக்கி நீட்டி உழைத்தார்கள், மறு கால் ஓய்வில் இருந்தது. இரண்டு தொடைகளிலும் தோலடிக் கொழுப்பின் ரத்த ஓட்டத்தையும் கொழுப்பு உடையும் வேகத்தையும் அளந்தார்கள். உழைத்த காலின் கொழுப்பில் இரண்டுமே அதிகமாக இருந்தன. ஸ்பாட் ரிடக்‌ஷனை ஆதரிப்பவர்கள் மேற்கோள் காட்டும் முடிவு இதுதான், அது உண்மையும்கூட.

ஆனால் எவ்வளவு அதிகம் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. அந்த ஆய்வின் கணக்குப்படி, இலகுவான உழைப்பின்போது 30 நிமிடத்தில் 100 கிராம் கொழுப்புத் திசுவிலிருந்து கூடுதலாக உடைந்தது 0.6 முதல் 2.1 மில்லிகிராம் வரை. இதை வயிற்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவருடைய வயிற்றுத் தோலடியில் 5 கிலோ கொழுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் எல்லையான 2.1 மில்லிகிராமையே எடுத்துக்கொண்டாலும், அரை மணி நேரம் இடைவிடாது வயிற்றுத் தசையை இயக்கினால் கூடுதலாக உடைவது சுமார் 105 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஒரு வருடம் ஒரு நாள்கூட விடாமல் செய்தாலும் மொத்தம் 40 கிராமைத் தொடாது. தொடையில் கிடைத்த எண்ணை வயிற்றுக்குக் கொண்டுவருவதால் இது தோராயமான கணக்கே. பத்து மடங்கு பெருக்கினாலும் வருடத்துக்கு 400 கிராமுக்குள்தான் நிற்கும். உடைந்த கொழுப்பு முழுவதும் எரிந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எரியாத பகுதி உணவுக்குப் பிறகு மீண்டும் கொழுப்புத் திசுவிலேயே சேமிக்கப்படும், அதுவும் எந்த இடத்தில் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

இனி, நேரடியாக வயிற்றுப் பயிற்சியையே சோதித்த ஆய்வுகளுக்கு வருகிறேன். இவற்றில் நான் மிகவும் மதிப்பது 1984-இல் ஃபிராங்க் கேட்ச் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் வெளியிட்டது. 13 ஆண்கள் 27 நாட்களில் தலைக்கு 5,004 சிட்-அப் செய்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வயிறு, முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழ்ப்பகுதி, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புத் திசுவை எடுத்து, செல்களின் அளவை அளந்தார்கள். டேப்பால் இடுப்பைச் சுற்றி அளப்பதையும் தோலைக் கிள்ளி அளப்பதையும்விட இது பல மடங்கு நேர்மையான அளவீடு, ஏனெனில் கொழுப்பு குறைந்தால் அதன் சுவடு செல்லில்தான் முதலில் தெரிய வேண்டும். செல்கள் சுருங்கியிருந்தன. ஆனால் மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. உழைத்தது வயிறு, இழப்பைப் பகிர்ந்துகொண்டதோ முதுகும் பிட்டமும் சேர்த்துத்தான். உடல் எடையிலும் மொத்தக் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

2011-இல் விஸ்புத்தே என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைவிட அதிகமாகப் பேசப்படுகிறது. 24 பேரில் ஒரு பிரிவினர் ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகளை, ஒவ்வொன்றிலும் பத்து முறை வீதம் இரண்டு செட்டாக, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் செய்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை, இடுப்புச் சுற்றளவும் குறையவில்லை. இந்த ஆய்வை மட்டும் வைத்து வழக்கை முடிப்பது சரியில்லை என்பது என் கருத்து. அந்தப் பயிற்சியின் அளவு சிறியது. உணவும் எடை மாறாத அளவிலேயே வைக்கப்பட்டது. உடல் முழுவதிலுமே கொழுப்பு குறையாதபோது, எந்த இடத்தில் அதிகம் குறைந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்ச் ஆய்வில் செல்கள் உண்மையில் சுருங்கியதால்தான், அது சமமாகச் சுருங்கியது என்ற தகவலுக்கு எடை கூடுகிறது.

அளவீட்டுக் கருவி எப்படி ஏமாற்றும் என்பதை 2007-இல் வெளியான கோஸ்டெக் குழுவினரின் ஆய்வு அழகாகக் காட்டியது. 104 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் எடைப் பயிற்சி செய்தார்கள். தோலைக் கிள்ளி அளக்கும் காலிப்பரால் பார்த்தபோது ஆண்களுக்குப் பயிற்சி பெற்ற கையில் கொழுப்பு குறைந்தது போலத் தெரிந்தது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. தசை பெருத்து இறுகினால் தோலை மடித்துப் பிடிக்கும் விதமே மாறிவிடுகிறது. க்ரஞ்சஸ் செய்து வயிறு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் பலரும் பொய் சொல்லவில்லை. வயிற்றுத் தசை உறுதியாகி நிற்கும் தோரணை திருந்தினாலே முன்புறம் சற்று உள்ளே போனது போல் இருக்கும்.

எதிர்த் தரப்பின் வலுவான ஆதாரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023-இல் நார்வேயைச் சேர்ந்த ப்ரோபக்கன் என்பவரும் அவருடைய குழுவினரும் அதிக எடையுள்ள 16 ஆண்களை இரண்டு பிரிவாக்கி 10 வாரம், வாரம் நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் மட்டும் ஓடினார்கள். மறு பிரிவினர் ஓட்டத்தைக் குறைத்து, அதனோடு வயிற்றுத் தசைக்கான பயிற்சியை நான்கு நிமிடச் சுற்றுகளாகச் செய்தார்கள். மொத்தக் கொழுப்பு இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் உடற்பகுதிக் கொழுப்பு, வயிற்றுப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 700 கிராம் அதிகமாகக் குறைந்தது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆயினும் பிரிவுக்கு எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. உடல் கொழுப்பை எக்ஸ்-ரே கொண்டு அளக்க அவர்கள் பயன்படுத்திய டெக்ஸா ஸ்கேன், உடற்பகுதி என்று மார்பையும் வயிற்றையும் சேர்த்தே கணக்கிடும். மேலும், அவர்கள் செய்தது குறைந்த எடையில், நிமிடக் கணக்கில் விடாமல் தொடரும் பயிற்சி, அதுவும் ஓட்டத்தோடு சேர்த்து. படுக்கையறைத் தரையில் நூறு க்ரஞ்ச் போடுவதற்கு அந்த முடிவைச் சான்றாகக் காட்டக் கூடாது. அதற்கு முந்தைய வருடம் ராமிரெஸ்-கம்பீயோ குழுவினர் 13 ஆய்வுகளில் பங்கேற்ற 1,158 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற உறுப்பில் தனியாகக் கொழுப்பு குறைந்ததற்கான விளைவு எதுவும் கிடைக்கவில்லை. பல ஆய்வுகள் சேர்ந்து சொல்வதை ஒரு சிறிய ஆய்வு ஒரே நாளில் புரட்டிவிட முடியாது. அதே முடிவு பெரிய குழுவில் மீண்டும் கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

இனி கலோரிக் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் பத்து நிமிடம் க்ரஞ்சஸ் செய்தால், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலையும் சேர்த்து, ஏறத்தாழ 33 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில் இது நான்கு கிராமுக்குச் சற்று மேல், அதுவும் உடல் முழுவதிலுமிருந்து. ஓர் இட்லியின் கலோரியைக்கூட இது எட்டாது. அதே பத்து நிமிடத்தை வேகமான நடைக்குக் கொடுத்தால் செலவு கூடும். முக்கியமாக, நடையை முக்கால் மணி நேரம் நீட்டிக்கொண்டு போகலாம், க்ரஞ்சஸை அப்படி நீட்ட எவராலும் முடியாது.

இன்னொரு விஷயம் இந்தியர்களாகிய நமக்கு முக்கியம். தொப்பை முழுவதும் தோலடிக் கொழுப்பு அல்ல. தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் ஒட்டிச் சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பும் உண்டு. நீரிழிவோடும் இதய நோயோடும் நெருங்கிய தொடர்பு உடையது அதுதான். அது நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற பயிற்சிகளுக்கும் உணவைக் குறைப்பதற்கும் நன்றாகவே இறங்கி வருகிறது, சில சமயம் தராசில் பெரிய மாற்றம் தெரிவதற்கு முன்பே.

க்ரஞ்சஸ் செய்கிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. விஸ்புத்தே ஆய்வில் பயிற்சி பெற்றவர்களால் இறுதிச் சோதனையில் சராசரியாக 47 முறை எழ முடிந்தது, பெறாதவர்களால் 32 முறைதான் முடிந்தது. தசைக்குக் கிடைத்த பலன் அது. கொழுப்பு குறைகிறதா என்று அறிய விரும்புவோர் காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் டேப்பை வைத்து அளந்து எழுதி வையுங்கள். நமக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் ஒரு முறை அதே இடத்தில் அளந்தால் போதும்.