டி வடிவ உத்திரத்தின் நடுநிலை அச்சு: உண்மை விளக்கம்

“டி வடிவ உத்திரத்திலும் நடுநிலை அச்சு பாதி உயரத்தில்தான் இருக்கும்; இரு செவ்வகங்களின் bh³/12 மதிப்புகளைக் கூட்டினாலே இரண்டாம் திருப்புத்திறன் கிடைத்துவிடும்.”

இரண்டுமே தவறு. நடுநிலை அச்சு என்பது உத்திரம் வளையும்போது இழுவையோ அமுக்கமோ இல்லாத கோடு; இரண்டாம் திருப்புத்திறன் என்பது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு. மேற்பட்டை 100 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிப்பும், அதன் கீழுள்ள தண்டு 20 மி.மீ. தடிப்பும் 100 மி.மீ. உயரமும் கொண்டவை எனில், இரண்டின் பரப்பும் 2000 சதுர மி.மீ.; அவற்றின் மையங்கள் அடியிலிருந்து 110, 50 மி.மீ. உயரத்தில் இருப்பதால், ஒரே பொருளாலான உத்திரம் மீள் எல்லைக்குள் வளையும்போது அச்சு 60-இல் அன்று, 80 மி.மீ. உயரத்தில் அமையும். அதனால் அடிவிளிம்பின் தகைவு மேல்விளிம்பினதைப் போல் இருமடங்காகும். இழுவிசையில் வலுக்குறைந்த வார்ப்பிரும்பில் அடிப்பக்கம் இழுவிசைக்கு உட்பட்டால் இதைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

bh³/12 என்பது ஒவ்வொரு செவ்வகத்தின் சொந்த மையத்தைப் பற்றிய மதிப்பு மட்டுமே. பொது அச்சுக்கு மாற்ற Ad² சேர்க்க வேண்டும்; A செவ்வகத்தின் பரப்பு, d அதன் மையத்துக்கும் பொது அச்சுக்கும் இடையிலான தொலைவு. இங்கே d இரண்டுக்கும் 30 மி.மீ. என்பதால் Ad² மொத்தம் 36 லட்சம். வெறுங்கூட்டல் தருவதோ 17.33 லட்சம். சரியான விடை 53.33 லட்சம் mm⁴.